லைன் ஆட்களின் வருகைப் பதிவும் இடவேலியும்



லைன் போகும் சேல்ஸ்மேன்கள் குறிப்பிட்ட கடைக்குப் போனார்களா இல்லையா என்பதை அவர்கள் கையில் உள்ள செல்போனைக் கொண்டே தெரிந்துகொள்ளும் முறை இப்போது நம் மொத்த வியாபாரிகள் பலரிடம் வந்துவிட்டது. ஒவ்வொரு சில்லறைக் கடையையும் நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். இதற்கு ஜியோஃபென்ஸ் என்று பெயர். நம் பேச்சில் இடவேலி என்று சொல்லலாம். சேல்ஸ்மேன் அந்த வட்டத்துக்குள் நின்று செல்போனில் பொத்தானை அழுத்தினால் வருகை பதிவாகும். வெளியே நின்று அழுத்தினால் பதிவாகாது. இந்தப் பதிவை வைத்துத்தான் பேட்டாவும் பெட்ரோல் படியும் கணக்காகிறது.

இந்த முறை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போகாத கடைக்குப் படி எழுதுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்த யந்திரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல், அது காட்டுகிற சிவப்புக் குறியைப் பார்த்த மாத்திரத்தில் சம்பளத்தைப் பிடிப்பது நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும், மலைப்பாதை லைனில் வரும் பதிவுகளைப் பார்த்தும் நான் புரிந்துகொண்டதை நம் உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

இரண்டு சிக்னல்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "சிக்னல் இல்லை முதலாளி, அதனால் பதிவாகவில்லை" என்று பையன் சொன்னால், எந்த சிக்னல் என்று நாம் கேட்பதில்லை. செல்போனுக்குள் இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்பதை வானத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைக் கேட்டு போன் கணக்கிடுகிறது. இதற்கு டவர் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. அப்படிக் கணக்கிட்டதை நம் மண்டிக்கு அனுப்புவதற்குத்தான் டவர் வேண்டும்.

ஆகவே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு மலைக்கடை வாசலில் டவரே கிடைக்காவிட்டாலும், தலைக்கு மேல் வானம் தெரிந்தால் இடம் சரியாகவே தெரியும். அனுப்ப முடியாது, அவ்வளவுதான். திண்டுக்கல் கடைவீதியில் இதற்கு நேர் எதிர். டவர் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம், கடைக்குள்ளே கான்கிரீட் தளம், பின்னால் குடோன். செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வருவதால் போன் தடுமாறும். இந்த இரண்டு கோளாறுக்கும் மருந்து வேறு வேறு.

டவர் இல்லாத இடத்தில் முதல் தடவை இடம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். டவர் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் இணையத்தில் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அதையும் செயற்கைக்கோளிடமே கேட்க வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அந்த விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறைதான் திரும்பச் சொல்கிறது. எனவே வெட்டவெளியில் அரை நிமிடம், ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். இதைப் பையனுக்குச் சொல்லித்தராமல், "உடனே அழுத்து, உடனே கிளம்பு" என்றால் தப்பான பதிவுதான் வரும்.

பிழை வட்டம்

இடத்தைக் கணக்கிடும்போது போன் ஒரு புள்ளியை மட்டும் தருவதில்லை. கூடவே, "இதில் இத்தனை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்" என்று இன்னொரு எண்ணையும் தருகிறது. அதைப் பிழை வட்டம் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் இது 5, 10 மீட்டராக இருக்கும். கட்டடத்துக்குள் 50, 80 ஆகும். செயற்கைக்கோளே கிடைக்காமல் டவரை மட்டும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும்போது ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் வரை போகும். ஆண்ட்ராய்டு போன்களில் இந்த எண்ணுக்குப் பொருள், மூன்று தடவையில் சுமார் இரண்டு தடவை உண்மையான இடம் இந்த வட்டத்துக்குள் இருக்கும் என்பதுதான். அதாவது இதுவும் கல்லில் எழுதிய கணக்கல்ல.

பல செயலிகள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல், புள்ளி வட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பச்சை, சிவப்பு போட்டுவிடுகின்றன. கோளாறு இங்கேதான் பிறக்கிறது. சரியான முறை மூன்று முடிவுகள் கொண்டது. கடைக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தோடு பிழையைக் கூட்டினாலும் வேலிக்குள் அடங்கினால், வந்தது உறுதி. தூரத்திலிருந்து பிழையைக் கழித்த பிறகும் வேலியைத் தாண்டி நின்றால், வெளியே என்று கொள்ளலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் விழுந்தால் "சந்தேகம்" என்று எழுத வேண்டும். சந்தேகம் என்றால் வரவில்லை என்று அர்த்தமல்ல. யந்திரத்துக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் லைனை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வேலியின் ஆரம் எல்லாக் கடைக்கும் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கடையில் தூரம் 40 மீட்டர், பிழை 20. கூட்டினால் 60. உறுதியாக உள்ளே.

இரண்டாவது கடை நெருக்கமான தெருவில். பையன் குடோனுக்குள் நின்று அழுத்துகிறான். தூரம் 120, பிழை 80. உண்மையில் அவன் கடையிலிருந்து 40 மீட்டரிலும் இருக்கலாம், 200 மீட்டரிலும் இருக்கலாம். பச்சை சிவப்பு மட்டும் தெரிந்த செயலி இவனுக்குச் சிவப்பு போட்டிருக்கும். மூன்று முடிவு தெரிந்த செயலி, "வாசலுக்கு வந்து மறுபடி அழுத்தவும்" என்று சொல்லும். அவன் தெருவுக்கு வந்து அரை நிமிடம் நின்று அழுத்துகிறான். தூரம் 35, பிழை 15. முடிந்தது.

மூன்றாவது மலைக்கடை. டவர் இல்லை, வானம் இருக்கிறது. பகல் 12.40-க்குத் தூரம் 25, பிழை 10. போன் அதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. பையன் மலையிலிருந்து இறங்கி டவர் கிடைத்ததும் மாலை 4.15-க்கு மண்டிக்கு வந்து சேருகிறது. எந்த நேரத்தை ஏற்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காவது கடையில் தூரம் 1,900, பிழை 2,500. எண்ணைப் பார்த்ததும், "இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று அழுத்தியிருக்கிறான்" என்று கோபம் வரும். ஆனால் பிழை தூரத்தை விடப் பெரிது. இந்தப் பதிவு எதையும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கடை ஆர்டரும் வசூல் ரசீதும் இருந்தால் அதுவே சாட்சி.

ஐந்தாவது கடையில் தூரம் 450, பிழை 12. இது சந்தேகமே இல்லாமல் வெளியே. பொய் என்றுதானே நினைப்போம்? கடைக்காரருக்கு ஒரு போன் போட்டால், அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது தெரியவரலாம். நம் ஏட்டில் இருப்பது பழைய இடம். எனவே உறுதியான சிவப்புக்குக்கூட முதலில் விசாரணை, பிறகுதான் தண்டனை.

வேலி எவ்வளவு பெரிது

வட்டத்தைச் சுருக்கினால் கண்டிப்பு கூடும் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். 20 மீட்டர் வட்டம் போட்டால், போனின் சாதாரணப் பிழையே வட்டத்தைத் தாண்டிவிடும். நேர்மையானவன்தான் அதில் அடிபடுவான். ஆண்ட்ராய்டைத் தரும் கூகுள் நிறுவனமே, குறைந்தபட்ச ஆரம் 100 முதல் 150 மீட்டர் இருப்பது நல்லது என்று செயலி எழுதுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. கடைவீதியில் 100 போதும். தனியாக நிற்கும் கிராமத்துக் கடைக்கு 150, 200 வைத்தாலும் நஷ்டமில்லை.

இதிலிருந்து ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைவீதியில் 100 மீட்டருக்குள் நம் வாடிக்கைக் கடை ஏழெட்டு இருக்கும். வீதி முனையில் டீக்கடையில் உட்கார்ந்தபடியே அத்தனைக்கும் ஒருவன் பொத்தானை அழுத்தலாம். இடவேலி வீதிக்குச் சாட்சி சொல்லும், கல்லாவுக்குச் சாட்சி சொல்லாது. வேலை நடந்ததா என்பதற்கு ஆர்டர் புத்தகம், பில், ரசீது இவைதான் ஆதாரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவரை ஏமாற்றுவது கடினம். ஒன்றை மட்டும் பார்க்கிறவரை எளிதாக ஏமாற்றலாம்.

வட்டத்தின் நடுப்புள்ளியும் சரியாக இருக்க வேண்டும். விலாசத்தை வரைபடத்தில் தேடி அது காட்டும் புள்ளியை அப்படியே எடுத்துக்கொண்டால், சில சமயம் அடுத்த தெருவில் போய் விழும். முதல் தடவை போகும்போது கடை வாசலில் நின்று மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுப்பதே நல்லது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கையால் எழுதுகிறவர்கள் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் எழுத வேண்டும். 3 இலக்கத்தோடு நிறுத்தினால் ஒவ்வொரு திசையிலும் 55 மீட்டர் வரை தப்பு வரலாம். 100 மீட்டர் வேலியில் அது பாதியைத் தின்றுவிடும்.

தாமதமாக வரும் பதிவு

இப்போது மூன்றாவது கடைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு மண்டியில், பதிவு ஆபீசுக்கு வந்து சேர்ந்த நேரத்தையே வருகை நேரமாக எடுத்துக்கொண்டார்கள். மலை லைன் போகிறவரின் பதிவுகள் எல்லாம் மாலையில் ஒரே கட்டாக வந்து விழும். "நாள் முழுக்க எங்கோ இருந்துவிட்டு நாலு மணிக்கு மேல் மொத்தமாக அழுத்துகிறார்" என்று முடிவு கட்டி, இரண்டு மாதப் பேட்டாவில் கை வைத்தார்கள். அவர் பதிமூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தவர். கணக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மலைக்கடைகளின் பாக்கியும் அந்த மண்டிக்கு அவரோடு போனது மாதிரிதான் ஆயிற்று.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஒவ்வொரு பதிவிலும் அழுத்திய நேரம், வந்து சேர்ந்த நேரம் என இரண்டும் இருக்க வேண்டும். வருகைக்கு முதலாவதையே எடுக்க வேண்டும். போனின் கடிகாரத்தைக் கையால் திருத்தலாமே என்பீர்கள். திருத்தலாம். ஆனால் செயற்கைக்கோள் இடத்தோடு சேர்த்து நேரத்தையும் சொல்கிறது. அந்த நேரத்தைச் செயலி எழுதி வைத்தால், போன் கடிகாரத்தைத் திருத்தியவரின் கணக்கு இடிக்கும். செயலி விற்க வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் விழுகிறதா? டவர் விட்டு விட்டு வரும் இடத்தில் போன் ஒரே பதிவை இரண்டு மூன்று தடவை அனுப்பும். தனி எண் இருந்தால்தான் மண்டியில் அது ஒரே வருகையாக நிற்கும். இரண்டு, பழைய இடத்தைப் புதியது போல் காட்டாமல் இருக்கிறதா? புது இடம் கிடைக்காதபோது, கடைசியாகத் தெரிந்த இடத்தைத் தந்துவிடுவது போன்களின் வழக்கம். அது அரை மணிக்கு முன் நின்ற ஊராகவும் இருக்கலாம். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் பழசானதைச் செயலி ஏற்கக் கூடாது. மூன்று, இன்னும் அனுப்பாத பதிவு எத்தனை என்பது பையனுக்குத் திரையில் தெரிகிறதா? அது தெரியாமல் செயலியை அழித்துப் போட்டால் அன்றைய பதிவு முழுவதும் போய்விடும்.

அந்தரங்கம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "பொத்தான் எதற்கு? நாள் முழுக்கப் போன் தானாகவே இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும்" என்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு ஆட்சேபணை உண்டு.

முதலாவது, அது சரியாக வேலையும் செய்யாது. பின்னணியில் ஓடும் இடவேலி, வட்டத்துக்குள் நுழைந்ததைச் சில நிமிடம் தாமதித்தே சொல்லும். நம் ஆள் ஒரு கடையில் ஐந்து நிமிடம் நிற்கிறவர். பாட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் செயலியையே தூங்க வைத்துவிடும். அதோடு ஒரு செயலி ஒரே சமயத்தில் கவனிக்கக்கூடிய வேலிகளுக்கு வரம்பு உண்டு. ஐபோனில் 20, ஆண்ட்ராய்டில் 100. ஒரு லைனில் நாற்பது கடை இருந்தால் ஐபோனில் முடியாது.

இரண்டாவது ஆட்சேபணை பெரிது. அந்தப் போன் பெரும்பாலும் பையனின் சொந்தப் போன். அவன் இரவில் எந்த வீட்டில் தூங்குகிறான், எந்த டாக்டரைப் பார்க்கிறான், எந்தக் கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ மாதா கோவிலுக்கோ போகிறான், வேறு எந்த மண்டியில் வேலை கேட்கிறான் என்பதெல்லாம் நம் கம்ப்யூட்டரில் வந்து விழும். நாம் கொடுக்கும் சம்பளம் அவன் பகல் வேலைக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் விற்பனை வேலை பார்த்த பெண்மணி ஒருவர், வேலை நேரம் முடிந்த பிறகும் தன்னைக் கண்காணித்த செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டதற்காகத் தன்னை வேலையை விட்டு நீக்கினார்கள் என்று 2015-ல் வழக்குத் தொடுத்தார். அந்த மாதிரி வழக்கு நம் ஊருக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வியாபாரிகளுக்கு வரும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்படி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை சம்பந்தப்பட்ட காரியத்துக்காக ஊழியரின் விவரத்தை அவர் தனியாகச் சம்மதம் தராமலே கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. இதைக் காட்டி எல்லாவற்றையும் செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அவன் எங்கே இருக்கிறான் என்பது எந்த வேலை சம்பந்தப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சேர்த்து வைத்த விவரம் வெளியே கசிந்தால், பாதுகாக்கத் தவறியதற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய் வரை போட்டிருக்கிறார்கள். தேவையில்லாததைச் சேர்க்காமல் இருப்பதே நல்ல பாதுகாப்பு.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. செயலியை முதலில் திறக்கும்போது போன் அனுமதி கேட்கும். அதில் "While using the app" என்பதை மட்டும் கொடுத்தால் போதும். "Allow all the time" வேண்டவே வேண்டாம். அப்போது பையன் செயலியைத் திறந்து பயன்படுத்தும் நேரத்தில்தான் இடம் எடுக்கப்படும். ஆனால் "Use precise location" என்பது திறந்திருக்க வேண்டும். அது மூடியிருந்தால் போன் வேண்டுமென்றே இடத்தை மழுப்பிச் சொல்லும். நாள் முழுக்க எல்லாக் கடையிலும் பிழை ஆயிரக்கணக்கில் வந்தால் காரணம் இதுதான் என்று கண்டுகொள்ளலாம். அதைப் பித்தலாட்டம் என்று எடுத்துக்கொள்ளாமல், அமைப்பைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும்.

மண்டியில் வைத்திருக்க வேண்டியது கடை எண், நேரம், முடிவு, தூரம், பிழை இவ்வளவே. போன வழி வேண்டாம். மாதப் படி கணக்கு முடிந்து, பையன் ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் விட்டு, பிறகு தூரம், பிழை எண்களை அழித்துவிடலாம். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் தவிர வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை. பையனுக்குத் தன் பதிவைத் தானே பார்க்கும் வசதி இருக்க வேண்டும். தன் கணக்கைப் பார்க்க முடியாதவனிடம் கணக்குக் கேட்பது நம் வியாபார தர்மத்தில் இல்லை.

இதை எல்லாம் வாய்வார்த்தையாக விடாமல், ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, சேர்க்கும்போதே பையனிடம் படித்துக் காட்டிக் கொடுத்துவிட வேண்டும். எப்போது இடம் எடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம், எத்தனை நாள், "சந்தேகம்" வந்தால் யார் விசாரிப்பது, எந்த ஆதாரத்தைப் பார்ப்பது என்பது அதில் இருக்கட்டும். பதிவை மட்டும் வைத்துச் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்ற ஒரு வரியும் அதில் கட்டாயம் வேண்டும். ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதுவதைவிட, நம் சங்கமே ஒரு பொது மாதிரிப் படிவத்தைத் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். வரும் செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

சில்லறைக் கடை உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடையின் இடமும் உங்களிடம் யார் எப்போது ஆர்டர் எடுக்க வருகிறார்கள் என்பதும் இப்போது பல மண்டிகளின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கடை மாறினால் உங்கள் சேல்ஸ்மேனிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் குடோனுக்குள் நின்று போனை ஆட்டிக்கொண்டிருந்தால், "தம்பி, வாசலுக்கு வந்து அழுத்து" என்று சொல்லுங்கள். அவருடைய அன்றைய பேட்டா அதில் இருக்கிறது.